அம்மாவுக்கு திரும்பத் திரும்ப சலக்கடுப்பு: 11 மாதத்தில 6 தரம் அன்டிபயோட்டிக். இனி வராமல் இருக்க என்ன வழி?

வெள்ளவத்தைமகள் · ஞாயிறு, இரவு 9.40

அம்மாவுக்கு 67 வயது. மாதவிடாய் நிண்டு பதினாறு வருஷமாகுது. போன ஒக்டோபரில இருந்து சலத்தில கிருமி எண்டு அலைஞ்சு கொண்டிருக்கிறம். ஆறு தரம் அன்டிபயோட்டிக் முடிஞ்சுது. ஒவ்வொரு முறையும் அஞ்சு நாள், ஏழு நாள் குளிசை, பிறகு வாய் கசக்குது, வயிறு போகுது, ஒரு மாதம் நல்லா இருப்பா, திரும்ப "பிள்ளை, எரியுது" எண்டு வந்து நிப்பா. கடைசியாப் பாத்த டொக்டர் இனி ஆறு மாதத்துக்கு ஒவ்வொரு இரவும் ஒரு நைட்ரோஃபுரன்டோயின் போடச் சொல்லியிருக்கிறார். துண்டு கையில இருக்கு, இன்னும் வாங்கேல்ல.

சீனி இல்லை. பிரஷருக்கு மட்டும் குளிசை. வந்த பிறகு என்ன செய்யிறது எண்டு நான் கேக்கேல்ல. வராமல் இருக்க என்ன செய்யலாம்?

---

கொட்டாஞ்சேனை ராஜி · ஞாயிறு, இரவு 10.05

தண்ணி, தண்ணி, தண்ணி! ஒரு நாளைக்கு மூணு லீற்றர் குடிக்க வைங்க. எங்க மாமிக்கும் இப்படித்தான் இருந்துச்சு. பார்லித் தண்ணி, செவ்விளநீர், அதோட சுப்பர்மார்க்கட்ல விக்கிற கிரான்பெரி ஜூஸ். பின்னால இருந்து முன்னால கழுவக் கூடாது, முன்னால இருந்து பின்னால. அதை மட்டும் சரியா செஞ்சாலே பாதி வியாதி போயிடும். வயசானவங்க தாகம் எடுக்கலன்னு தண்ணியே குடிக்கிறதில்ல, அதான் காரணம்.

---

ஓய்வு கணக்காளர் · திங்கள், காலை 6.15

எனக்கும் இதே கரைச்சல்தான் சகோதரி. இரவில நாலு தரம் எழும்ப வேண்டியிருக்கு, சலம் சொட்டுச் சொட்டாப் போகுது. புரொஸ்டேட் எண்டு சொல்லி குளிசை தந்தவை, இப்ப பரவாயில்லை. அம்மாவுக்கும் அதையே கேட்டுப் பாருங்கோவன்.

---

வெள்ளவத்தைமகள் · திங்கள், காலை 7.02

ஐயா, பொம்பிளையளுக்கு புரொஸ்டேட் இல்லை :) ஆனா எழுதினதுக்கு நன்றி.

ராஜி, அம்மா தண்ணி குடிக்கிறவா. ஒரு போத்தில் எப்பவும் பக்கத்தில இருக்கும். கழுவுறதெல்லாம் அறுபது வருஷமா ஒரே மாதிரித்தான், இப்ப மட்டும் ஏன் வருது?

---

தெஹிவளை டொக்டர் · திங்கள், இரவு 8.50

கடைசியாகக் கேட்டீர்களே, "இப்ப மட்டும் ஏன்", அதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். ஆறு தடவையும் சலத்தில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கும் கல்ச்சர் செய்தீர்களா? றிப்போட்டுகளைத் தேடி எடுத்து, மாதத்தையும் அம்மாவுக்கு அப்போது என்ன குணம் இருந்தது என்பதையும் எழுதுங்கள். பெயர், லாப் பெயர் எதுவும் வேண்டாம். சலம் எப்படி எடுத்தீர்கள், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நான் குடும்ப வைத்தியம் பார்ப்பவள். இங்கே எழுதுவது அம்மாவைப் பரிசோதித்ததற்கு ஈடாகாது. ஆனால் ஒரு சனலுக்குப் போய் ஐந்து நிமிடம் இருக்கும்போது எதைக் கேட்க வேண்டும் என்பதையாவது சொல்லலாம்.

---

வெள்ளவத்தைமகள் · செவ்வாய், மாலை 6.30

தேடி எடுத்திட்டன். ஃபைலுக்குள்ள பாதி, பிரிட்ஜுக்கு மேல பாதி.

ஒக்டோபர்: எரிவு, அடிக்கடி போறது. ரெஸ்ட் ஒண்டும் எடுக்கேல்ல, நேரா சிப்ரோ. டிசம்பர்: எரிவு, அடிவயிற்று நோ, கலங்கல் சலம். கல்ச்சரில ஈ கோலை, ஒரு லட்சத்துக்கு மேல. பெப்ரவரி: கொஞ்சம் எரிவு. பஸ் செல்ஸ் 8–10, எபிதீலியல் செல்ஸ் இரண்டு பிளஸ், கல்ச்சரில "மிக்ஸ்ட் குரோத், திரும்பச் செய்யவும்". திரும்பச் செய்யேல்ல, மருந்து மட்டும் எடுத்தனாங்கள். ஏப்ரல்: நடுக்கம் இல்லை, ஆனா நல்ல எரிவு, ரத்தம் கொஞ்சம். ஈ கோலை திரும்பவும். ஜூன்: கண் ஒப்பரேஷனுக்கு முதல் எல்லா ரெஸ்டும் எடுத்தவை, சலத்தில ஈ கோலை. அம்மாவுக்கு அப்ப ஒரு குணமும் இல்லை. ஒப்பரேஷன் பிந்தக்கூடாது எண்டு மருந்து எடுத்தா. ஆகஸ்ட்: எரிவு, ஆனா கல்ச்சரில ஒண்டும் வளரேல்ல. "எதுக்கும் இருக்கட்டும்" எண்டு ஏழு நாள்.

சலம் எடுக்கிற விஷயம்: அம்மா விடிய அஞ்சு மணிக்கு எடுத்து வைப்பா. நான் வேலைக்குப் போற வழியில ஒன்பதரை, பத்துக்கு லாப்பில குடுப்பன்.

---

தெஹிவளை டொக்டர் · செவ்வாய், இரவு 10.20

இப்போது இந்த ஆறை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

டிசம்பரும் ஏப்ரலும் சந்தேகமில்லாத கிருமித் தொற்று. ஒக்டோபர் அநேகமாக அதுவேதான், ஆனால் நிரூபிக்க வழியில்லை. பெப்ரவரி றிப்போட் அம்மாவின் சிறுநீர்ப்பையைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. எபிதீலியல் செல்ஸ் அவ்வளவு இருந்தால் வெளித்தோலில் பட்டு வந்த சலம் என்று அர்த்தம். அதோடு வெள்ளவத்தை வெக்கையில் ஐந்து மணித்தியாலம் போத்தலுக்குள் இருந்திருக்கிறது. இரண்டு மூன்று கிருமிகள் அதற்குள்ளேயே பெருகிவிடும். எடுத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் மூடி இறுக்கி, ஒரு பையில் போட்டு பிரிட்ஜில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். தோசை மாவுக்குப் பக்கத்திலா என்று அம்மா கேட்பார், தனியாக ஒரு டப்பாவுக்குள் வையுங்கள்.

ஜூன் மாதத்தில் நடந்தது வேறு. எரிவு, அவசரம், காய்ச்சல் எதுவும் இல்லாமல் சலத்தில் கிருமி வளர்வது இந்த வயதுப் பெண்களில் சர்வசாதாரணம். அது தொற்று அல்ல, குடியிருப்பு. சிறுநீர்ப் பாதையிலேயே கத்தி வைக்கிற ஒப்பரேஷன் என்றால் மருந்து கொடுக்கத்தான் வேண்டும். கண்புரைக்குத் தேவையில்லை. குணமில்லாத கிருமியைக் கொன்றால் அந்த இடத்துக்கு மருந்துக்கு அசையாத கிருமி வந்து குடியேறும், மிச்சம் அதுதான்.

ஆகஸ்ட்: எரிவு உண்டு, கிருமி இல்லை. இதைப் பற்றி ஒரு கேள்வி, அம்மாவிடம் நீங்களேதான் கேட்க வேண்டும். சலம் போகாத நேரத்திலும் அங்கே காய்ந்த தோலைப் போல வறட்சி, கடி, உரசல் இருக்கிறதா?

---

வெள்ளவத்தைமகள் · புதன், இரவு 9.15

கேட்டன். முதல்ல "உதெல்லாம் என்ன கேள்வி" எண்டு சாமியறைக்குப் போயிட்டா. பிறகு சட்டி கழுவிக் கொண்டு, முகத்தைப் பாக்காமல் சொன்னா: ரெண்டு மூண்டு வருஷமா இருக்காம். வயசு போனா அப்பிடித்தான் எண்டு நினைச்சாவாம். கடிக்கிறதுக்கு டெற்றோல் கலந்த தண்ணியில கழுவுறவாவாம். எனக்கு இதொண்டும் தெரியாது.

---

தெஹிவளை டொக்டர் · புதன், இரவு 11.05

டெற்றோலை இன்றோடு நிறுத்துங்கள். சவர்க்காரமும் உள்ளே வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

"இப்ப மட்டும் ஏன்" என்பதற்கு வருகிறேன். மாதவிடாய் நிற்கும் முன் ஈஸ்ட்ரோஜன் அந்தப் பாதையின் தோலைத் தடிப்பாக வைத்திருக்கும். அந்தத் தோலில் இருக்கும் கிளைக்கோஜனை உண்டு லாக்டோபசிலஸ் என்ற நல்ல கிருமிகள் வாழும், அவை புளிப்பை உண்டாக்கும். தயிர் புளித்த சட்டியில் வேறு எதுவும் இலேசில் வளராது அல்லவா, அதே சங்கதி. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் தோல் மெலிகிறது, நல்ல கிருமி போகிறது, புளிப்பும் போகிறது. மலக்குடலில் இருக்கிற ஈ கோலை முன்வாசலில் வந்து தங்கும். அங்கிருந்து சிறுநீர்ப்பைக்கு நாலு சென்ரிமீற்றர்தான். அம்மா கழுவும் முறை மாறவில்லை, கழுவும் இடம் மாறிவிட்டது.

அதனால்தான் இந்த வயதில் நான் முதலில் யோசிப்பது உள்ளே பூசும் ஈஸ்ட்ரோஜன். 1993இல் ரஸ், ஸ்டாம் என்ற இருவர் 93 பெண்களை வைத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு எஸ்ட்ரியோல் கிரீம், மற்றவர்களுக்கு மருந்தில்லாத கிரீம். மருந்தில்லாதவர்களுக்கு வருஷத்துக்கு ஏறத்தாழ ஆறு தொற்று, மருந்துள்ளவர்களுக்கு அரை. இன்று எல்லோருக்கும் அவ்வளவு அழகாக வேலை செய்யும் என்று சொல்ல மாட்டேன், பிறகு வந்த ஆய்வுகளில் பலன் அதைவிடக் குறைவு. ஆனால் திசை அதேதான். குளிசையாக விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் இதற்கு உதவவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பூசினால்தான்.

வழக்கமான அளவு: 0.5 மில்லிகிராம் எஸ்ட்ரியோல், இரண்டு மூன்று கிழமைக்கு ஒவ்வொரு இரவும், பிறகு கிழமைக்கு இரண்டு தரம். நிறுத்தினால் பழைய நிலை திரும்பும், ஆகவே இது தொடர்ந்து போகிற காரியம். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆட்கள் தோற்பது இங்கேதான்: மூன்றாம் கிழமையில் ஒரு தொற்று வந்ததும் "கிரீம் சரிவரேல்ல" என்று விட்டுவிடுவார்கள்.

தொடங்க முன் ஒரு வீஓஜியிடம், அதாவது பெண்நோய் நிபுணரிடம், காட்டுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு எப்போதாவது இரத்தம் பட்டதா, மார்புப் புற்றுநோய் இருந்ததா என்று கேட்பார்கள். பட்டிருந்தால் அதைப் பார்த்து முடித்த பிறகுதான் கிரீம். ஏப்ரலில் சலத்தில் வந்த இரத்தத்தையும் சொல்லுங்கள். தொற்று மாறிய பிறகும் சலப் பரிசோதனையில் இரத்தம் தெரிந்தால் அதை விட்டுவைக்கக் கூடாது.

---

கொட்டாஞ்சேனை ராஜி · வியாழன், காலை 8.30

டொக்டர், அப்போ தண்ணி பொய்யா? நான் ஆய்வே வாசிச்சிருக்கேன், தண்ணி கூட்டினா பாதியா குறையுதுன்னு.

---

தெஹிவளை டொக்டர் · வியாழன், மதியம் 1.10

பொய்யில்லை ராஜி. நீங்கள் சொல்லும் ஆய்வு 2018இல் வந்தது. அதில் இருந்தவர்கள் மாதவிடாய் நிற்காத பெண்கள், அதுவும் நாளுக்கு ஒன்றரை லீற்றருக்குக் குறைவாகக் குடித்தவர்கள். அவர்களுக்கு இன்னும் ஒன்றரை லீற்றர் கூட்டியபோது பாதியானது. ஏற்கெனவே குடிக்கிற 67 வயதுக்காரருக்கு அதே கணக்கு வராது. இதய பலவீனம் உள்ளவருக்கு மூன்று லீற்றர் ஆபத்தும்கூட.

கிரான்பெரிக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு, ஆனால் கடையில் இருப்பது பெரும்பாலும் சீனித் தண்ணீர். டி-மனோஸ் என்ற தூளும் விற்கிறார்கள். 2024இல் பிரித்தானியாவில் கிட்டத்தட்ட அறுநூறு பெண்களில் பார்த்ததில் மருந்தில்லாத தூளுக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கவில்லை. அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

---

சாமந்தி · வியாழன், இரவு 7.45

எனக்கு 61, சீனி இருக்கு. எம்பாக்ளிஃப்ளோசின் தொடங்கின பிறகு எனக்கும் கடி, எரிவு. சலத்தில கிருமி எண்டு ரெண்டு தரம் அன்டிபயோட்டிக் தந்தவை. பிறகு ஒரு நேர்ஸ் பாத்திட்டு "இது பங்கஸ்" எண்டா. அதுக்கான மருந்து பூச நிண்டுது. அம்மாவுக்கு சீனி இல்லையெண்டாலும் வாசிக்கிற ஆக்களுக்காக எழுதுறன்.

---

தெஹிவளை டொக்டர் · வியாழன், இரவு 9.00

நல்ல காரியம் செய்தீர்கள். அந்த வகை மருந்து சீனியைச் சலத்தோடு வெளியேற்றும், அங்கே பங்கஸ் பிடிப்பது தெரிந்த விஷயம். அன்டிபயோட்டிக் அதைக் கூட்டும். சீனிக் குளிசையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

---

தெமட்டகொட நிஸா · வெள்ளி, காலை 10.40

டொக்டர், எனக்கு 58. நாலு வருஷத்துக்கு முந்தி மார்பில ஒப்பரேஷன் செஞ்சது, இப்ப லெட்ரோசோல் குடிக்கிறன். எனக்கும் வருஷத்துக்கு நாலு தரம் இந்த சலக்கடுப்பு வருது, கல்ச்சரில கிருமியும் இருக்கு. வீஓஜி கிரீம் பூசலாம் எண்டு சொல்றார், கென்சர் டொக்டர் வேணாம் எண்டு சொல்றார். ரெண்டு பேருக்கும் இடையில நான்.

---

தெஹிவளை டொக்டர் · வெள்ளி, இரவு 8.15

நிஸா, உங்கள் கேள்விக்கு ஒற்றைப் பதில் என்னிடம் இல்லை. பூசும் மருந்து இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. பெட்டிக்குள் இருக்கும் துண்டில் மார்புப் புற்று, பக்கவாதம் என்று பயமுறுத்துவதெல்லாம் குளிசையாக விழுங்கிய பெண்களில் செய்த ஆய்விலிருந்து வந்தது. சாதாரணப் பெண்ணுக்கு அந்தத் துண்டு பெரிய கவலையில்லை. ஆனால் லெட்ரோசோலின் வேலையே உடம்பில் ஈஸ்ட்ரோஜனை அடிமட்டத்துக்குக் கொண்டுவருவது. அதன் மேல் சிறிதளவு சேர்ந்தாலும் பரவாயில்லையா என்பதில் நிபுணர்களே ஒத்துப்போகவில்லை. உங்கள் கென்சர் டொக்டரின் சொல்லைத் தாண்டிப் பூச வேண்டாம். இருவரையும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதச் சொல்லுங்கள். ஹோர்மோன் இல்லாத ஈரப்பத ஜெல் வறட்சிக்கு உதவும், தொற்றைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது.

---

கொட்டாஞ்சேனை ராஜி · வெள்ளி, இரவு 9.20

லண்டன்ல இருக்கிற எங்க அக்காவுக்கு மெதனமைன்னு ஒரு குளிசை குடுத்திருக்காங்க. அன்டிபயோட்டிக் இல்லையாம். நிஸாவுக்கு அது சரிவராதா?

---

தெஹிவளை டொக்டர் · வெள்ளி, இரவு 10.00

ராஜி, இந்த முறை முழுப் புள்ளி. மெதனமைன் ஹிப்புரேற், ஒரு கிராம், நாளுக்கு இரண்டு தரம். புளிப்பான சலத்தில் அது உடைந்து ஃபோர்மல்டிஹைட் ஆகும், கிருமி பழகிக்கொள்ள முடியாத விஷம். 2022இல் பிரித்தானியாவில் 240 பெண்களில் தினசரி அன்டிபயோட்டிக்கோடு ஒப்பிட்டார்கள். அன்டிபயோட்டிக் எடுத்தவருக்கு வருஷத்துக்கு 0.89 தொற்று, மெதனமைன் எடுத்தவருக்கு 1.38. அன்டிபயோட்டிக் சற்று மேல், ஆனால் வித்தியாசம் வருஷத்துக்கு ஒன்றுகூட இல்லை. வந்த தொற்றை இது மாற்றாது, தடுக்க மட்டும். ஈரல் நோய், கடுமையான சிறுநீரக நோய் இருந்தால் ஆகாது. இங்கே எடுக்கலாமா என்று பார்மசிகளில் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். நிஸா கென்சர் டொக்டரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கலாம்.

வெள்ளவத்தைமகளுக்கு: இரவு நைட்ரோஃபுரன்டோயின் பிழையான மருந்தல்ல. போடும் வரை தடுக்கும், நிறுத்தினால் பலர் பழையபடி. மாதக்கணக்கில் போடுவதானால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினின் பார்த்துத் தொடங்க வேண்டும், புதிதாக வறட்டு இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்திக் காட்ட வேண்டும், நுரையீரலைப் பாதிக்கக்கூடியது. கிரீம் முயலாமல் நேரே அதற்குப் போவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

---

வெள்ளவத்தைமகள் · ஒரு மாதத்துக்குப் பிறகு

வீஓஜியிட்டக் காட்டினாச்சு. கிரீம் எழுதித் தந்தார். காலி வீதியில மூண்டு பார்மசி ஏறி இறங்கி நாலாவதில கிடைச்சுது. ஸ்கானும் எடுக்கச் சொன்னார், சலம் போன பிறகு பைக்குள்ள எவ்வளவு மிச்சம் நிக்குது எண்டு பாக்க. 160 மில்லிலீற்றர் எண்டு வந்திட்டுது. பயந்து போனம்.

---

தெஹிவளை டொக்டர்

ஸ்கானுக்கு முன் எவ்வளவு குடிக்க வைத்தார்கள், எவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தார்?

---

வெள்ளவத்தைமகள்

ஆறு கிளாஸ். முறை வர ஒண்டரை மணித்தியாலம். அழுற நிலைமை.

---

தெஹிவளை டொக்டர்

அளவுக்கு மிஞ்சி ஊதின பலூன் ஒரே தடவையில் முழுதாகச் சுருங்காது. சாதாரணமாக முட்டும்போது போய், உடனே மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். அப்போதும் அவ்வளவு நின்றால் கருப்பை இறக்கம், நரம்பு என்று காரணம் தேட வேண்டும். தேங்கிய சலத்துக்கு கிரீம் பதில் அல்ல.

---

வெள்ளவத்தைமகள் · நாலு மாதத்துக்குப் பிறகு

இரண்டாம் தரம் 45. டொக்டர் போதும் எண்டிட்டார். தொற்று மாறின பிறகு எடுத்த சலத்தில ரத்தமும் இல்லை.

கிரீம் கதை: முதல் கிழமை பூசினவுடனை எரிஞ்சுதாம், பிறகு இல்லை. அம்மாவுக்கு விரல் மூட்டு வாதம், அந்தக் குழாயை அமத்த ஏலாது. வீஓஜி விரல் நுனியில எடுத்து வாசலிலயும் உள்ளேயும் பூசலாம் எண்டார், அளவை மட்டும் குழாயின்ர கோட்டில ஒருக்கால் பாத்துப் பழகச் சொன்னார். கிழமைக்கு ரெண்டு தரம் எண்டதும் நான் செவ்வாய், வெள்ளி எண்டு கலண்டரில கீறினன். "வெள்ளிக்கிழமை கோயில் நாள், உதை மாத்து" எண்டா. இப்ப திங்களும் வியாழனும்.

ஏழாம் கிழமையில ஒரு தொற்று வந்தது, இந்த முறை சலம் பிரிட்ஜில இருந்து நேரா லாப்புக்குப் போச்சு, ஒரே கிருமி, சுத்தமான றிப்போட். விட்டிடுவம் எண்டு அம்மா நிண்டா, நான் இந்த இழையைத்தான் வாசிச்சுக் காட்டினன். அதுக்குப் பிறகு பத்துக் கிழமையா ஒண்டும் இல்லை. கடியும் இல்லை. இரவுக் குளிசைத் துண்டு இன்னும் ஃபைலுக்குள்ள இருக்கு.

---

சாமந்தி

காய்ச்சல் வந்தா? முதுகு விலா நோ வந்தா?

---

தெஹிவளை டொக்டர்

காய்ச்சல், நடுக்கம், விலா நோ, வாந்தி: கிரீம், தண்ணீர், இழை எதையும் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரி. அது சிறுநீரகம்.

---

தெமட்டகொட நிஸா

நான் கடிதம் வாங்கிட்டன். கென்சர் டொக்டர் மூணு மாசம் மெதனமைன் பாப்பம் எண்டு சொல்லிட்டார், அதுக்கும் அடங்காட்டி லெட்ரோசோலை மாத்திட்டு கிரீமைப் பத்தி வீஓஜியோட கதைப்பாராம். மருதானையில ஒரு பார்மசி எடுப்பிச்சுத் தாறன் எண்டு சொல்லியிருக்கு, இன்னும் வரல்ல. அடுத்த சனல் 14ஆம் திகதி. போய் வந்து எழுதுறன்.